இரண்டு லிட்டருக்கு மேல் பெட்டி இல்லை: முப்படிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி

30 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை ஒன்று இருக்கிறது. நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் சிறு சதுரங்களை வெட்டி எடுத்துவிட்டு, ஓரங்களை மேலே மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். அதில் சரியாக ஒரு லிட்டர் கொள்ள வேண்டும் என்றால் மூலையில் எவ்வளவு வெட்டுவது? 10 செ.மீ. வெட்டினால் அடிப்பக்கம் 10, உயரம் 10. சரியாக ஒரு லிட்டர். இன்னொரு வழியும் உண்டு. 1.34 செ.மீ. மட்டும் வெட்டினால், சுமார் 27.3 செ.மீ. அகலத்தில் தட்டையான ஒரு தட்டு வரும். அதுவும் ஒரு லிட்டர்தான் கொள்ளும்.

இரண்டு லிட்டர் வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: 5 செ.மீ. வெட்ட வேண்டும். 2.1 லிட்டர் கேட்டால் எப்படி வெட்டினாலும் கிடைக்காது. ஒரே அட்டை, ஒரே கேள்வி. விடைகளின் எண்ணிக்கை மட்டும் இரண்டு, ஒன்று, சுழியம் என்று மாறுகிறது. வெட்டிப் பார்க்காமல், சமன்பாட்டைத் தீர்க்கவும் செய்யாமல், இதை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முடியும். அதைச் சொல்லும் ஒற்றை எண்ணுக்குத்தான் தன்மைகாட்டி என்று பெயர்.

பள்ளியில் இருபடிச் சமன்பாட்டுக்கு b² − 4ac படித்தது பலருக்கு நினைவிருக்கும். அது மிகை எண்ணாக இருந்தால் இரண்டு மெய் மூலங்கள், சுழியமானால் இரண்டும் ஒன்றே, குறை எண்ணானால் மெய் மூலமே இல்லை. முப்படிக்கும் இப்படி ஒன்று உண்டு என்பதைப் பெரும்பாலோர் கேள்விப்படுவதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதை இந்தப் பெட்டியை வைத்தே பார்த்துவிடலாம்.

கணக்கு எளிதாக இருக்க, 10 செ.மீ.யை ஓர் அலகாக வைத்துக்கொள்வோம். அப்போது அட்டையின் பக்கம் 3. ஒரு கன அலகு சரியாக ஒரு லிட்டர். பெட்டியின் அடிப்பக்கம் x என்றால் உயரம் (3 − x)/2. கொள்ளளவு V லிட்டர் என்றால் x²(3 − x)/2 = V; மாற்றி எழுதினால் x³ − 3x² + 2V = 0. இதில் x² உறுப்பு இடைஞ்சலாக இருக்கிறது. x = t + 1 என்று வைத்தால் அது மறைந்து,

t³ − 3t + (2V − 2) = 0

என்று ஆகிறது. எந்த முப்படிச் சமன்பாட்டையும் இப்படி t³ + pt + q = 0 என்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். நம் பெட்டியில் p = −3, q = 2V − 2.

இனி வளைவரையைக் கவனிப்போம். t³ + pt + q என்பதன் வளைவரை, p குறை எண்ணாக இருக்கும்போது, இடப்பக்கம் கீழிருந்து ஏறி ஒரு மேட்டைத் தொட்டு, இறங்கி ஒரு பள்ளத்தைத் தொட்டு, மறுபடி ஏறிப் போய்விடும். மேடு கிடைமட்ட அச்சுக்கு மேலேயும் பள்ளம் அதற்குக் கீழேயும் இருந்தால் வளைவரை அச்சை மூன்று முறை வெட்டியே ஆக வேண்டும். மூன்று மெய் மூலங்கள். மேடும் பள்ளமும் அச்சின் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒரே ஒரு வெட்டுதான். ஆகவே நமக்குத் தெரிய வேண்டியது, மேட்டின் உயரமும் பள்ளத்தின் உயரமும் எதிரெதிர்க் குறியுடையவையா என்பது மட்டுமே. இரண்டு எண்கள் எதிரெதிர்க் குறியுடையவையா என்று பார்க்கச் சுலபமான வழி அவற்றைப் பெருக்குவது. பெருக்கற்பலன் குறை எண்ணானால் எதிரெதிர். மிகை எண்ணானால் ஒரே பக்கம்.

வகைக்கெழுவைச் சுழியமாக்கினால் மேடும் பள்ளமும் t² = −p/3 என்ற இரு இடங்களில் கிடைக்கும். அங்கே உள்ள உயரங்களைப் பெருக்கினால் q² + 4p³/27 என்று வருகிறது. பின்னம் வராமலும், மூன்று மெய் மூலங்கள் இருக்கும்போது மிகை எண்ணாக வரும்படியும் அதை −27 ஆல் பெருக்கிக்கொள்கிறார்கள்:

D = −4p³ − 27q²

முப்படியின் தன்மைகாட்டி இதுதான். D மிகை என்றால் வெவ்வேறான மூன்று மெய் மூலங்கள். D குறை என்றால் ஒரு மெய் மூலமும் இரண்டு கலப்பெண் மூலங்களும். D சுழியம் என்றால் மேடோ பள்ளமோ அச்சைத் தொட்டு நிற்கிறது, அதாவது இரண்டு மூலங்களாவது ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. p மிகை எண்ணாக இருந்தால் மேடும் பள்ளமும் கிடையாது, வளைவரை ஏறிக்கொண்டே போகும். அப்போது D தானாகவே குறை எண்ணாகிவிடுவதைச் சூத்திரத்திலேயே பார்க்கலாம்.

மூலங்களின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே எண் வரும். மூன்று மூலங்களையும் இரண்டிரண்டாகக் கழித்து, அந்த மூன்று வித்தியாசங்களின் வர்க்கங்களைப் பெருக்கினால் D. ஒரு லிட்டர் பெட்டிக்குச் சமன்பாடு t³ − 3t = 0. மூலங்கள் 0, √3, −√3. வித்தியாசங்களின் வர்க்கங்கள் 3, 3, 12; பெருக்கினால் 108. சூத்திரத்தில் p = −3, q = 0 என்று போட்டாலும் 108. இரு வேறு வழிகளில் போய் ஒரே எண்ணில் வந்து நிற்பதுதான் இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பெட்டிக்கு V லிட்டர் என்று பொதுவாக வைத்துச் சுருக்கினால் D = 108 V(2 − V). இதற்குமேல் விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் தெளிவான விடை. V சுழியத்துக்கும் 2க்கும் இடையில் இருக்கும்வரை D மிகை. 2 லிட்டரில் சுழியம். அதைத் தாண்டினால் குறை.

இந்த ஒப்பீட்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே செய்தவர் ஷரஃபுத்தீன் அல்-தூஸி. ஈரானின் தூஸ் நகரைச் சேர்ந்தவர்; டமாஸ்கஸ், அலெப்போ, மோசுல் நகரங்களில் கற்பித்தவர். குறை எண்களை அவர் ஏற்கவில்லை. ஆகவே முப்படிச் சமன்பாடுகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மிகை மூலம் உண்டா என்று தனித்தனியாக ஆராய வேண்டியிருந்தது. அந்த வகைகளில் ஒன்று x³ + c = ax². நம் பெட்டிச் சமன்பாடு இதுவேதான்: a = 3, c = 2V. x²(a − x) என்பது x = 2a/3 என்ற இடத்தில் மிகப் பெரிதாகும், அங்கே அதன் மதிப்பு 4a³/27 என்று அவர் காட்டினார். c அதைவிடப் பெரிதானால் தீர்வு இல்லை, சமமானால் ஒன்று, சிறிதானால் இரண்டு. a = 3 என்று போட்டால் 4a³/27 என்பது 4; c = 2V என்பதால் எல்லை 2 லிட்டர். அந்த 2a/3 என்ற இடத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை எழுதி வைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

அல்-தூஸி இரண்டு தீர்வு என்கிறார், தன்மைகாட்டி மூன்று என்கிறது. இதில் முரண் இல்லை. ஒரு லிட்டர் சமன்பாட்டின் மூன்றாவது மூலம் x = 1 − √3, அதாவது சுமார் −0.73. அடிப்பக்கம் குறை எண்ணாக உள்ள பெட்டி கிடையாது. 2.1 லிட்டருக்கும் சமன்பாட்டில் ஒரு மெய் மூலம் இருக்கிறது. அதுவும் சுமார் −1.02. தன்மைகாட்டி மெய் மூலங்களை எண்ணுமே தவிர, அவற்றில் எது பயன்படும் என்று சொல்லாது. அதை மூலத்தின் மதிப்பைப் பார்த்து நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

D சுழியத்தை நெருங்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. 2 லிட்டருக்கு அடிப்பக்கம் 20 செ.மீ. என்று ஒரே விடை. கேட்பதை வெறும் 10 மில்லி குறைத்து 1.99 லிட்டர் ஆக்கினால் விடைகள் சுமார் 20.8 செ.மீ., 19.2 செ.மீ. என்று பிரிந்துவிடுகின்றன. அரை சதவீத மாற்றத்துக்குப் பதினாறு மில்லிமீட்டர் இடைவெளி. ஒன்றாயிருந்த மூலங்கள் பிரியும் தூரம், மாற்றத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்வதுதான் காரணம். இதைவிடச் சங்கடமான விஷயம் அட்டையின் அளவு. அட்டை 30 செ.மீ.க்குப் பதில் 29.9 இருந்தால் அதிகபட்சக் கொள்ளளவு சுமார் 1.98 லிட்டராக இறங்கிவிடும். 1.99 லிட்டருக்கான தன்மைகாட்டி மிகையிலிருந்து குறையாகத் திரும்பிவிடும். காகிதத்தில் இருந்த இரண்டு பெட்டிகளும் கையில் வராது. ஆகவே அளந்த எண்களைக் கொண்டோ, கணினியில் தோராயமாக்கிய எண்களைக் கொண்டோ D கணக்கிட்டு, அது சுழியத்துக்கு மிக அருகில் வந்தால், அதன் குறியை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அளவில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சமன்பாட்டைத் தீர்க்கவும் வேண்டும் என்றால், 1545இல் கார்டானோ ‘ஆர்ஸ் மாக்னா’ நூலில் வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. அதன் உள்ளே q²/4 + p³/27 என்பதன் வர்க்கமூலம் வரும். உற்றுப் பார்த்தால் அது −D/108. அதாவது D மிகையாக இருந்து மூன்று மூலங்களும் மெய்யாக இருக்கும்போதுதான், சூத்திரம் குறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கேட்கிறது! 1.5 லிட்டர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: t³ − 3t + 1 = 0, D = 81. மூன்று மெய் மூலங்கள் நிச்சயம். ஆனால் கார்டானோவின் சூத்திரத்தில் −3/4இன் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. இத்தகைய எண்களுக்கு விதி வகுத்து, அவற்றினூடே நடந்து மெய் விடைக்கு வந்து சேரலாம் என்று 1572இல் தம் நூலில் காட்டியவர் பொம்பெல்லி. கலப்பெண்களைக் கணிதத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தது, மூலமே இல்லாத இருபடி அல்ல, மூன்று மெய் மூலங்கள் உள்ள முப்படிதான். இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்க முடியுமா என்று பலரும் முயன்றார்கள். முழு எண் கெழுக்களும் மூன்று மெய் மூலங்களும் இருந்து, அவற்றில் எதுவும் விகிதமுறு எண்ணாக இல்லையென்றால், மெய்யெண்களின் வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை மட்டும் வைத்து அவற்றை எழுதவே முடியாது என்று 1843இல் வான்ட்ஸெல் நிறுவினார். நம் 1.5 லிட்டர் பெட்டி அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மூலக்குறிகளை விட்டுவிட்டுக் கோணங்களுக்குப் போனால் கதவு திறக்கிறது. இந்த வழி பிரான்சின் வியேத்துடையது. t = 2 cos θ என்று வைத்தால் t³ − 3t என்பது 2 cos 3θ ஆகிவிடும். பெட்டிச் சமன்பாடு cos 3θ = 1 − V என்று சுருங்குகிறது. 1.5 லிட்டருக்கு cos 3θ = −0.5, 3θ = 120°; θ 40°, 80°, 160°. அடிப்பக்கம் சுமார் 25.3 செ.மீ. அல்லது 13.5 செ.மீ.; மூன்றாவது கோணம் அந்தப் பயனற்ற குறை மூலத்தைத் தருகிறது. 2.1 லிட்டருக்கு cos 3θ = −1.1 என்று வரும். கொசைன் −1க்குக் கீழே போகாது, ஆகவே அப்படி ஒரு கோணம் இல்லை. 1 − V என்பது −1க்கும் 1க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 108 V(2 − V) மிகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒன்றே. கோணம் கைவிட்ட அந்த இடத்தில் கார்டானோவின் சூத்திரம் 0.21இன் வர்க்கமூலத்தை மட்டும் கேட்டு, கலப்பெண் எதையும் தொடாமல், இருக்கிற ஒரே மெய் மூலத்தைத் தந்துவிடுகிறது.