வசனம் புரியவில்லையா? வால்யூமைக் கூட்டாதீர்கள்

மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் அடிவிளிம்பிலோ முதுகுப்புறத்திலோ இருக்கும். ஒலி நேரே நம்மிடம் வராமல் ஷோகேஸ் பலகையிலும் சுவரிலும் பட்டு வருகிறது. கனமான ஒலி எப்படியும் வளைந்து வந்துவிடும். கூர்மையான ஒலிதான் வழியில் தேய்கிறது. 'கட்டு', 'தட்டு', 'பட்டு' மூன்றையும் பிரித்துக் காட்டும் முதலெழுத்தின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அந்தப் பகுதியில் இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் கனமும் சேர்ந்தே கூடும். பேச்சு சத்தமாகும், தெளியாது.

செட்டிங்கில் கை வைக்கும் முன் ஒரு செய்திச் சேனலைப் போட்டுக் கேளுங்கள். செய்தி வாசிப்பவரின் குரலே அமுங்கிக் கேட்டால் ஈக்வலைசர் உதவும். சவுண்ட் மோடை ஸ்டாண்டர்டில் வைத்து, சரவுண்டை அணைத்து, எல்லாப் பட்டைகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பல டிவிகளில் 100, 300, 1k, 3k, 10k என்று ஐந்து பட்டைகள் இருக்கும். எடுத்த எடுப்பில் எதையும் ஏற்றாதீர்கள். 300-ஐ மூன்று நான்கு புள்ளி இறக்குங்கள். டிவி அலமாரிக்குள் இருந்தால் 100-ஐயும் அதே அளவு. குடத்துக்குள்ளிருந்து பேசுவது போன்ற முழக்கம் இதிலேயே பெருமளவு அடங்கும். அதன் பிறகு 3k-ஐ இரண்டு புள்ளி ஏற்றிப் பாருங்கள். 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் காதில் சீறினால் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு புள்ளி குறையுங்கள். 10k-ஐத் தொடவே வேண்டாம். எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக ஏற்றுவது வால்யூமைக் கூட்டுவதற்குச் சமம்; சின்ன ஸ்பீக்கர் கரகரக்கவும் தொடங்கும்.

செய்தி தெளிவாக இருந்து, படத்தில் மட்டும் வசனம் அமுங்கினால் கதையே வேறு. ஓடிடி படங்கள் பல 5.1 ஒலியில் வருகின்றன. அதில் வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. நம் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஆறு வழி ஒலியையும் அதற்குள் திணிக்கும்போது வசனம் பின்னணி இசையோடு கலந்து அமுங்கிவிடுகிறது. செயலியின் ஆடியோ பட்டியலில் 5.1 என்ற குறிப்பில்லாத ஸ்டீரியோ இருந்தால் முதலில் அதற்கு மாறுங்கள். இதைச் செய்யாமல் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டுவது வீண்.

அடுத்ததுதான் Clear Voice, Voice Zoom போன்ற வசன வசதிகள். அவை பேச்சுப் பகுதியை உயர்த்தி மற்றதைத் தணிக்கும். விவாத நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் நல்லது. பாட்டு போட்டால் இசை வற்றிப்போகும், அப்போது அணைத்துவிடலாம். 3k-ஐ ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இதைக் குறைந்த அளவில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் சீறல் வந்துவிடும். வசனம் தாழ்ந்து சண்டைக் காட்சி அலறினால் நைட் மோட் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும்.

இத்தனைக்குப் பிறகும் புரியாத காட்சியை ஹெட்போனில் கேளுங்கள். அதில் தெளிவாக இருந்தால் குறை ஸ்பீக்கரில்; நம்மை நோக்கி ஒலிக்கும் ஒரு சிறிய சவுண்ட்பார் போதும். அதிலும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் ஒலிப்பதிவே அப்படித்தான், சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.