144 சான்றிதழ், ஒரு டெம்ப்ளேட்: ஸ்போர்ட்ஸ் டே சர்டிபிகேட் செய்வது எப்படி?

"நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, நம்ம ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு சர்டிபிகேட் டிசைன் பண்ணிக் குடு." படிச்ச பள்ளியில இருந்தோ, சொந்தக்காரங்க வீட்டுல இருந்தோ நம்மில் பலருக்கு இந்த வேலை வந்திருக்கும். உடனே நெட்ல ஒரு தங்க நிற பார்டர் தேடி, நடுவுல பேரைப் போட்டு அனுப்பிடுவோம். ஸ்கிரீன்ல அழகாத்தான் இருக்கும். பிரிண்ட் ஆகி, கையெழுத்து வாங்கி, மேடையில குடுக்கும்போதுதான் ஒவ்வொரு பிரச்சினையா வெளிய வரும்.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுசா செஞ்சு பார்ப்போம். ஒரு பள்ளி, ஆண்டு விளையாட்டு விழா. 100, 200, 400 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல்னு ஆறு தனிநபர் போட்டிகள். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர்னு இரண்டு வயதுப் பிரிவு, அதில் மாணவர், மாணவியர் தனித்தனி. மூன்று இடங்களுக்குப் பரிசு. ஆக 6 × 2 × 2 × 3 = 72. இதோட வயதுப் பிரிவு இல்லாம 4 × 100 மீட்டர் தொடர் ஓட்டம், கபடி, இரண்டுமே மாணவர், மாணவியர் தனித்தனியா.

முதலில் எண்ணிக்கை

பி.டி. சார் தரும் ரிசல்ட் பட்டியல்ல தொடர் ஓட்டத்துக்கு ஆறு வரிதான் இருக்கும். ஆனா ஒரு வரிக்கு நாலு பேர், அதனால 24 சான்றிதழ். கபடியில முதல் இரண்டு அணிகளுக்குப் பரிசு, அணிக்கு 12 பேர்னு வச்சா நாலு வரி, 48 சான்றிதழ். பட்டியல்ல மொத்தம் 82 வரி, வேண்டிய சான்றிதழ் 144. வரியை எண்ணி ஆர்டர் குடுத்தா கபடி டீம்ல கேப்டனுக்கு மட்டும் சான்றிதழ் கிடைக்கும், மத்த பதினோரு பசங்க கையை வீசிக்கிட்டுப் போவாங்க. தாளை எண்ணும்போது ஆளை எண்ணணும். எழுத்துப்பிழை, கறை, கிழிசலுக்காக ஒரு பதினைந்து தாள் கூடுதலா வச்சுக்கிட்டா போதும்.

பார்டர்: ஓரத்துல இருந்து எவ்வளவு தூரம்?

படுக்கைவாட்டுல வச்ச ஏ4 தாள் 297 × 210 மி.மீ. சாதாரண பிரிண்டர் தாளோட விளிம்பு வரை அச்சடிக்காது, ஓரத்துல சுமார் 4, 5 மி.மீ. விட்டுடும். அதுக்குள்ள பார்டர் வந்தா ஒரு பக்கக் கோடு காணாமப் போகும். அதைவிட முக்கியமான விஷயம், தாள் உள்ள இழுக்கப்படும்போது ஒன்று, ஒன்றரை மி.மீ. நகரும். எந்த பிரிண்டர்லயும் இது நடக்கும்.

பார்டரை விளிம்புல இருந்து 5 மி.மீ. தள்ளி வச்சிருக்கோம், தாள் 1.5 மி.மீ. நகருதுன்னா, ஒரு பக்கம் 6.5, எதிர்ப்பக்கம் 3.5. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம், பார்த்த உடனே கோணலாத் தெரியும். அதே பார்டர் 15 மி.மீ. உள்ள இருந்தா 16.5, 13.5. நகர்வு அதேதான், ஆனா கண்ணுக்குத் தெரியாது. வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டினா சட்டம் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும், அப்பவும் இந்த இடைவெளி காப்பாத்தும்.

நம்ம டெம்ப்ளேட்டுக்கு 15 மி.மீ. எடுத்துக்குவோம். வெளிக்கோடு 2 பாயின்ட், அதுக்கு 2 மி.மீ. உள்ள 0.75 பாயின்ட்ல மெல்லிய கோடு. பூ வேலை வேணும்னா நாலு மூலையில மட்டும் போதும். பிரிண்ட் குடுக்கும்போது `Fit` தேர்வு பண்ணக் கூடாது, `Actual size` குடுக்கணும். `Fit` குடுத்தா பக்கம் முழுசையும் சுருக்கிடும், நாம கணக்குப் போட்ட அளவு எதுவும் நிக்காது. முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வச்சு பார்டரோட அகலத்தை அளந்து பாருங்க. 267 மி.மீ. இருக்கணும்.

வாசகம்: காலியிடம் எங்க வரணும்?

ஆங்கில மாடல்ல "திஸ் இஸ் டு சர்டிஃபை தட்"னு தொடங்கி, ஒரு கோடு, அப்புறம் மீதி வாக்கியம். அதை அப்படியே தமிழாக்கினா "இதன் மூலம் சான்றளிப்பது என்னவென்றால்"னு கோர்ட் நோட்டீஸ் மாதிரி ஆயிடும். இன்னொரு சிக்கலும் இருக்கு. தமிழ்ல வேற்றுமை உருபு பேரோடவே ஒட்டிக்கும்: கவிதாவுக்கு, முருகனுக்கு, மேரிக்கு. கோட்டுக்குப் பின்னாடி "க்கு"ன்னு அச்சடிச்சு வச்சா "முருகன் க்கு"ன்னு நிக்கும்.

இதுக்கு நம்ம மொழியிலயே வழி இருக்கு. பேருக்கு அடுத்து "அவர்களுக்கு"ன்னு போட்டா உருபு அதோட போயிடும், பேர் எதுவா இருந்தாலும் மாறாது. நம்ம வாசகம் இப்படி:

*சாதனைச் சான்றிதழ்*
*ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி*
*சு. கவிதா*
*அவர்களுக்கு, 2025–26ஆம் கல்வியாண்டின் விளையாட்டு விழாவில் 17 வயதுக்குட்பட்ட மாணவியர் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றமைக்காக இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது.*

யார், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்தப் போட்டி, எந்த இடம். இந்த அஞ்சும் இருந்தாதான் "சாதனை"ங்கற தலைப்புக்கு அர்த்தம். "விளையாட்டில் சிறந்து விளங்கியமைக்காக"ன்னு மட்டும் போட்டா, ஜெயிச்ச பொண்ணுக்கும் வெறுமனே கலந்துக்கிட்டவங்களுக்கும் ஒரே தாள்தான். கலந்துக்கிட்டவங்களுக்குக் குடுக்கணும்னா "பங்கேற்புச் சான்றிதழ்"னு தனியா ஒண்ணு அடிக்கலாம். அதே சமயம் வார்த்தையை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். பள்ளிக்குள்ள நடந்த போட்டின்னா பள்ளி விளையாட்டு விழான்னே இருக்கட்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் பள்ளி அளவைத் தாண்டின போட்டிகளோட சான்றிதழ்களைத்தான் பார்ப்பாங்க. இதை அந்த மாதிரி தோன்ற வச்சா பின்னாடி அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

பேர்ப்பட்டியல்: இங்கதான் தப்பு அதிகம்

பள்ளியில இருந்து வர எக்ஸெல் பெரும்பாலும் ஆங்கிலத்துல இருக்கும். `S. Vani`ன்னு இருந்தா அது வாணியா, வானியா? அந்த `S` சுரேஷா, சண்முகமா, செல்வமா? "சு" போடணுமா, "ச" போடணுமா, "செ" போடணுமா? ஊகிக்கவே முடியாது. தமிழ்ப் பேரை வகுப்பாசிரியர்கிட்ட இருந்தோ, சேர்க்கைப் பதிவேட்டுல இருந்தோதான் வாங்கணும். பட்டியலை பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் அனுப்பி, பிள்ளைங்களே தன் பேரைப் பார்த்து டிக் பண்ணச் சொன்னா ஒரு பீரியட்ல வேலை முடிஞ்சிடும்.

பட்டியல் ஒருவேளை பழைய பாமினி எழுத்துருவுல டைப் பண்ணினதா இருக்கலாம். `jkpo;` மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா அது பாமினியில எழுதின "தமிழ்". யூனிகோடுக்கு மாத்தின பிறகுதான் டெம்ப்ளேட்ல சேர்க்கணும்.

பட்டியல் சரியானதும் வேர்டுலயோ லிப்ரே ஆஃபிஸ்லயோ மெயில் மெர்ஜ் பண்ணினா 144 பக்கமும் வந்துடும். பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பில்லோ லைப்ரரி தமிழைச் சரியா வரையணும்னா அதுக்கு ராக்ம் வேணும். முதல்ல இதை ஓட்டிப் பாருங்க:

```python
from PIL import features
print(features.check("raqm"))
```

`False` வந்தா, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயிடும். "செல்வி"யில ச முதல்ல, கொம்பு அப்புறமா நிக்கும். ஆங்கிலப் பேரை வச்சு டெஸ்ட் பண்ணினா இது தெரியவே தெரியாது. அதனால டெஸ்ட்டுக்கு இரண்டு பேர் எடுத்துக்குங்க: கொம்பு இருக்கற ஒரு பேர், பட்டியல்லயே நீளமான ஒரு பேர். "சிவசுப்பிரமணியன்" ஒரே வரியில பார்டருக்குள்ள உட்கார்ந்தா மத்தவங்களும் உட்காருவாங்க. கடைக்கு அனுப்பும்போது பி.டி.எஃப். மட்டும் அனுப்பணும். வேர்டு ஃபைலைக் குடுத்தா நம்ம எழுத்துரு அவங்க கம்ப்யூட்டர்ல இல்லைன்னா எல்லாமே இடம் மாறிடும்.

கையெழுத்துக் கோடு

உடற்கல்வி ஆசிரியர், தலைமை ஆசிரியர், தாளாளர், சிறப்பு விருந்தினர்னு நாலு கோடு போட்டா பார்க்க கெத்தா இருக்கும். ஆனா விழா அன்னைக்கு வர விருந்தினர் 144 தாள்ல கையெழுத்துப் போடுவாரா? போட மாட்டார். கோடு காலியா நின்னா அந்தச் சான்றிதழ் பாதியில விட்ட மாதிரி இருக்கும். யார் நிச்சயமா உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாங்களோ அவங்களுக்கு மட்டும் கோடு போதும். நம்ம உதாரணத்துல இரண்டு பேர்: இடது பக்கம் உடற்கல்வி ஆசிரியர், வலது பக்கம் தலைமை ஆசிரியர்.

பார்டருக்குள்ள 267 மி.மீ. இருக்கு. இரண்டு பக்கமும் 15 விட்டா 237. கோடு ஒண்ணுக்கு 70 வச்சா 140 போக, நடுவுல 97 மிச்சம். பள்ளியோட வட்ட முத்திரைக்கு அந்த இடம் தாராளம். கோட்டுக்கு மேல 20 மி.மீ. வெறுமையா விடணும். இந்த இடத்தைத்தான் டிசைன் பண்றவங்க மறந்துடறாங்க. வாசகத்தோட கடைசி வரி கோட்டுக்கு 8 மி.மீ. மேல முடிஞ்சா, கையெழுத்து "வழங்கப்படுகிறது" மேல ஏறிடும். பதவிப் பேர் கோட்டுக்குக் கீழ வரட்டும். தேதியும் வரிசை எண்ணும் மேல ஒரு மூலையில சின்னதா. அந்த எண்ணை பி.டி. சார் நோட்டுல பேரோட எழுதி வச்சா, நாலு வருஷம் கழிச்சு தாள் தொலைஞ்சாலும் இன்னொண்ணு குடுக்க முடியும்.

தாள் பளபளப்பா இருந்தா பேனா மை உடனே காயாது. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும்போது கையெழுத்து அடுத்த தாளோட முதுகுல ஒட்டிக்கும். மேட் தாள் கேட்டு வாங்குங்க, ஜெல் பேனாவுக்குப் பதிலா பால் பாயின்ட் குடுங்க. தடிமன்ல ஆசைப்பட்டு 300 ஜி.எஸ்.எம். வாங்கினா ஆபீஸ் பிரிண்டர் பலதும் அதை இழுக்காது. வாங்கறதுக்கு முன்னாடி பிரிண்டரோட வரம்பைப் பார்த்துடுங்க. லேமினேஷன் வேணும்னா கையெழுத்தும் முத்திரையும் முடிஞ்ச பிறகுதான்.

நேர அட்டவணையைப் பின்னாடி இருந்து போடுங்க. விழா வெள்ளிக்கிழமைன்னா, கையெழுத்தும் முத்திரையும் வியாழன். தாள் கைக்கு வர வேண்டியது புதன். பேர் சரிபார்ப்பு திங்கள். விழா நாள்லயே நடக்கற ஃபைனல் போட்டிகளுக்கு மட்டும் பேர், வகுப்பு, போட்டி, இடம் எல்லாத்தையும் காலியா விட்டு, கையெழுத்தும் முத்திரையும் முன்னாடியே வாங்கி வச்சு, நல்ல கையெழுத்து இருக்கற ஒரு டீச்சரை அங்கேயே எழுதச் சொல்லலாம். அந்தத் தாள்களை எண்ணித்தான் குடுக்கணும், மிச்சமானதை எண்ணித்தான் திருப்பி வாங்கணும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள வெத்துத் தாள் வெளிய போனா, அதுல யார் பேரை வேணா எழுதிக்கலாம்.