தராசு இல்லாத கடை

"மேடம், 24 இஞ்ச் விளக்குக்கு விலை தப்பா போட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன். 12 இஞ்ச் 1,450 ரூபாய்னா இது 2,900தானே வரணும்? 7,500னு இருக்கு. சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்."

என் சித்தி மகளின் கைப்பேசிக்கு வந்த செய்தி இது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு பித்தளைக் குத்துவிளக்குகளை இணையத்தில் விற்கிறாள். பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். அங்கே பட்டறை வைத்திருப்பவர்களிடம் வாங்கி, படம் எடுத்து, ஒரே பக்கத்தில் மூன்று அளவுகளையும் போட்டு விற்றுவந்தாள். வாரத்துக்கு நான்கைந்து பேராவது இதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டவர்களாவது பரவாயில்லை. விலையைப் பார்த்து ஏதோ கோளாறு என்று மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? "அக்கா, நீங்கதான் பக்கம் எழுதித் தர்றவங்க. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து திருத்தினோம்.

வாங்குபவரின் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. உயரம் இரண்டு மடங்கு என்றால் விலையும் இரண்டு மடங்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். துணிக்கு அது பொருந்தும். நான்கு மீட்டர் துணி இரண்டு மீட்டரைப் போல இரண்டு பங்கு. விளக்கு அப்படி இல்லை. விளக்கு உயரும்போது அடித்தட்டு அகலமாகிறது, தண்டு பருக்கிறது, எண்ணெய் ஊற்றும் தட்டு ஆழமாகிறது. உயரம், அகலம், கனம் மூன்றும் இரண்டிரண்டு மடங்கானால் பித்தளை எட்டு மடங்கு பிடிக்கும். நடைமுறையில் பெரிய விளக்கின் தட்டுகளை அதே விகிதத்தில் கனமாக வார்ப்பதில்லை என்பதால் எட்டு மடங்கு வராது, ஆறு மடங்கு வரும். அவளிடம் உள்ள 12 அங்குல விளக்கு 1 கிலோ. 18 அங்குலம் 2.9 கிலோ. 24 அங்குலம் 6.1 கிலோ.

பாத்திரக் கடையில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. அங்கே தராசு இருக்கிறது. கடைக்காரர் விளக்கை எடுத்து வைத்து எடையைச் சொல்லி, கிலோ இன்ன விலை என்று பெருக்கிக் காட்டிவிடுவார். தூக்கிப் பார்க்கும் கைக்கே பாதி விஷயம் புரிந்துவிடும். இணையப் பக்கத்தில் கையும் இல்லை, தராசும் இல்லை. '12 அங்குலம், 18 அங்குலம், 24 அங்குலம்' என்று மூன்று பொத்தான்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரலை நகர்த்தினால் விலை மட்டும் எகிறுகிறது. எதனால் எகிறுகிறது என்பதற்கு அந்தத் திரையில் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே முதலில் தராசைத் திரைக்குள் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அதற்குப் பெரிய விளக்கவுரை தேவைப்படவில்லை. பொத்தானின் பெயரையே மாற்றினோம். '24 அங்குலம்' என்று இருந்தது '24 அங்குலம், 6.1 கிலோ' என்று ஆனது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விற்பவர்கள் பெரும்பாலும் காரணத்தைப் பக்கத்தின் அடியில், விவரக் குறிப்பின் நான்காவது பத்தியில் எழுதுகிறார்கள். சந்தேகம் எழுவது அங்கே இல்லை. விரல் பொத்தானைத் தொட்டு, விலை மாறுகிற அந்த நொடியில் எழுகிறது. பதிலும் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். பொத்தானில் எடை வந்தபின், விவரக் குறிப்பின் முதல் வரியாக இதைச் சேர்த்தோம்: "விலை உயரத்தைப் பொறுத்தது அல்ல, எடையைப் பொறுத்தது. 24 அங்குல விளக்கில் 12 அங்குல விளக்கைப் போல ஆறு பங்கு பித்தளை இருக்கிறது."

அடுத்தது படம். அவள் பக்கத்தின் முதல் படமாக இருந்தது 24 அங்குல விளக்கு. உச்சியில் அன்னம் அமர்ந்து, ஐந்து முகமும் எரிகிற அழகான படம். ஆனால் பல தளங்களில் தேடல் பட்டியலில் படத்தின் கீழே வருவது ஒரு பக்கத்தின் ஆகக் குறைந்த விலை. பெரிய விளக்கின் படத்துக்குக் கீழே 1,450 ரூபாய் என்று பார்த்துவிட்டு உள்ளே வருபவர், 7,500 என்றதும் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். தவறு அவர் மேல் இல்லை. மூன்று விளக்குகளையும் ஒரு எவர்சில்வர் குடத்தோடு வரிசையாக நிறுத்தி எடுத்த படத்தை முதலில் வைத்தோம். குடத்தின் அளவு எல்லா வீட்டுக்கும் தெரியும். அதன் பக்கத்தில் 12 அங்குல விளக்கு எவ்வளவு சிறியது என்பதைச் சொல்ல வார்த்தை வேண்டியதில்லை. ஒவ்வொரு பொத்தானை அழுத்தும்போதும் அந்தந்த விளக்கின் படமே வருகிறபடி இணைத்தும் வைத்தோம்.

எடையைப் போட்ட ஒரு வாரத்தில் வேறொரு கேள்வி வந்தது. ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். சின்ன விளக்கு கிலோ 1,450 ரூபாய் ஆகிறது, பெரிய விளக்கு கிலோ 1,230தான் ஆகிறது, எடைக்கு விலை என்றால் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? நல்ல கேள்வி. பாக்கெட் சாமான்களின் மேல் இப்போது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு இன்ன விலை என்று அச்சிட்டு வருவதால், இப்படி வகுத்துப் பார்க்கிற பழக்கம் மக்களுக்கு வந்திருக்கிறது. அது வளரட்டும்.

அவளுடைய நோட்டைத் திறந்து வைத்துப் பார்த்தோம். 12 அங்குல விளக்கில் உலோகம் 800 ரூபாய். வார்ப்பு, கடைசல், பாலிஷ் எல்லாம் சேர்த்துக் கூலி 350. பெட்டியும் கூரியரும் 180. தளத்தின் கட்டணம், அவள் லாபம் இரண்டுக்கும் சேர்த்து 120. ஆக 1,450. 24 அங்குல விளக்கில் உலோகம் 4,880, கூலி 1,300, பெட்டியும் கூரியரும் 700, மீதி 620. ஆக 7,500. பித்தளை ஆறு மடங்கு ஏறியபோது கூலி நான்கு மடங்கைக்கூட எட்டவில்லை. அச்சுக்கு மண் கட்டுவதும், கடைசல் இயந்திரத்தில் மாட்டி இறக்குவதும், திருகு மரை வெட்டி அடியையும் தண்டையும் தட்டையும் பொருத்துவதும் சின்ன விளக்குக்கும் அதே எண்ணிக்கை வேலைதான். அந்த வேலை ஒரு கிலோவின் மேல் விழும்போது பாரமாகத் தெரிகிறது, ஆறு கிலோவின் மேல் பரவும்போது லேசாகிறது. அளவு கூடக் கூடக் கிலோ விலை மெல்ல இறங்குவதுதான் முறையான விலையின் அடையாளம்.

இந்த நோட்டுக் கணக்கைப் பக்கத்தில் போட வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். வாங்குபவர் கேட்பது லாபக் கணக்கை அல்ல. "சிறிய விளக்கிலும் கைவேலை ஏறக்குறைய அதே அளவு என்பதால் அதன் கிலோ விலை சற்றுக் கூடும்" என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இதற்கு நடுவே ஒருவர் அவளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். அதே பக்கத்தில் 'திரி பாக்கெட், 40 ரூபாய்' என்று இன்னொரு வகையைச் சேர்த்துவிட்டால், தேடல் பட்டியலில் குத்துவிளக்குப் படத்தின் கீழே 40 ரூபாய் என்று வரும், கூட்டம் கூடும் என்று. நான் கடுமையாகவே மறுத்தேன். ஒரே பக்கத்தில் வகைகளாக இருக்க வேண்டியவை ஒரே பொருளின் அளவுகளும் நிறங்களும்தான். திரி வேறு பொருள். 40 ரூபாயைக் காட்டி உள்ளே இழுத்துவிட்டு 7,500 ரூபாய் பொருளை முன்னால் வைப்பது தூண்டில் போடுவது. இணைய விற்பனையில் இப்படிப்பட்ட தந்திரங்களைத் தடுக்க இந்திய அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இதற்குத் தனி இடமே உண்டு. சட்டம் இருக்கட்டும், அப்படி ஒரு பக்கத்தில் எந்த விலையைத்தான் ஒருவர் நம்புவார்?

ஆனால் விலை உண்மையிலேயே தவறாக இருந்த நாளும் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

புதிதாக 6 அங்குல விளக்கைச் சேர்த்தாள். 200 கிராம், 520 ரூபாய். கணினியில் அட்டவணையாகத் தயாரித்து ஏற்றும்போது, அளவுகள் இருந்த பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டாள். அந்த அட்டவணையில் அளவுகள் எண்ணாக இல்லை, எழுத்தாக இருந்தன. எழுத்து வரிசையில் '6' என்பது '12', '18', '24' எல்லாவற்றுக்கும் பின்னால் போய் நிற்கும், ஏனென்றால் கணினி முதல் குறியைத்தான் முதலில் பார்க்கிறது. அளவுகள் இடம் மாறின, பக்கத்துப் பத்தியில் விலைகள் அப்படியே நின்றன. 12 அங்குலத்துக்கு 520, 18க்கு 1,450, 24க்கு 3,800 என்று வந்துவிட்டது. 6 அங்குல விளக்குக்கு 7,500.

அன்று இரண்டு பேர் எழுதினார்கள்: 6 இஞ்ச் விலை தப்பு. அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழகிப்போன கேள்வி என்று நினைத்து, சிறிய விளக்கிலும் கைவேலை உண்டு என்ற பதிலை இருவருக்கும் அனுப்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் 24 அங்குல விளக்குக்கு மூன்று ஆர்டர்கள், ஒவ்வொன்றும் 3,800 ரூபாய்க்கு. பித்தளைக்கே 4,880 ஆகிற விளக்கு. மூன்று பேரையும் அழைத்து நடந்ததைச் சொன்னாள். இருவர் புரிந்துகொண்டு பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவர் போட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். கொடுத்தாள். கேள்வி கேட்ட அந்த இரண்டு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுத் தனித்தனியாக எழுதினாள்.

வாங்குபவரும் விற்பவரும் ஒரே சோதனையால் இதைக் கண்டுபிடிக்கலாம். விலையை எடையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். சரியான பட்டியலில் கிலோ விலை 2,600, 1,450, 1,310, 1,230 என்று படிப்படியாக இறங்கும். 200 கிராம் விளக்கு தக்கையாக இருந்தாலும் வேலை இருப்பதால் மேலே நிற்கிறது, மற்றவை அதன்கீழ் ஒழுங்காக அமைகின்றன. தவறான பட்டியலில் 6 அங்குலம் கிலோ 37,500 ரூபாய், 12 அங்குலம் வெறும் 520, 24 அங்குலம் சுமார் 620. படி எங்கே உடைகிறதோ அங்கே கோளாறு. எடை போடாத பக்கமாக இருந்தால் அதை எழுதிக் கேட்கலாம். எடையைச் சொல்லத் தயங்குகிறவரிடம் பித்தளை வாங்காமல் இருப்பது நல்லது.

இன்றும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் கேட்டிருந்தார், "அம்மா, 18 இஞ்ச் 3,800ங்கிறது சரிதானா?" அவள் பதில் எழுதுவதற்கு முன் பக்கத்தைத் திறந்தாள். 3,800ஐ 2.9ஆல் வகுத்தாள். 1,310 வந்தது. பிறகுதான் எழுதினாள், "சரிதாங்க ஐயா. 2.9 கிலோ இருக்கு."