மூன்றுக்கு ஒன்று வேகம், 200 மில்லிமீட்டர் இடைவெளி

ஒரு சிறிய கன்வேயர் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அரை குதிரைத்திறன் மோட்டாரின் தகட்டில் 1440 ஆர்பிஎம் என்று போட்டிருக்கிறது. உருளை நிமிடத்துக்கு 480 சுற்று சுற்றினால் போதும். இரண்டு ஷாஃப்ட்டுகளின் மையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. இதற்கு எந்த டைமிங் பெல்ட், எத்தனை பல் புல்லி?

வேக விகிதம் எளிது. 1440-ஐ 480-ஆல் வகுத்தால் 3. உருளைப் புல்லியின் பற்கள் மோட்டார் புல்லியின் பற்களைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். பெல்ட் வழுக்காததால் விகிதத்தைப் பல்லே தீர்மானிக்கிறது. வெர்னியர் வைத்துப் புல்லியின் வெளிவிட்டத்தை அளந்து கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெல்ட்டின் உண்மையான நீளம் அதன் உள்ளே ஓடும் இழைகளின் கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு புல்லியின் விளிம்புக்குச் சற்று வெளியே சுற்றுகிறது. 5 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள 20 பல் புல்லியின் கணக்கு விட்டம் 31.83 மில்லிமீட்டர். அளந்து பார்த்தால் அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவாகவே வரும். ஆகவே பல்லை எண்ணுவதே சரி.

மூன்று மடங்கு என்றால் 12-க்கு 36 போடலாம், 20-க்கு 60-உம் போடலாம். சின்னப் புல்லி மலிவு, இடமும் மிச்சம் என்று 12-ஐ எடுக்கத் தோன்றும். ஆனால் ஒரே முறுக்குவிசைக்குச் சின்னப் புல்லியில் பெல்ட்டின் இழுவிசை கூடும். 20 பல்லில் 100 என்றால் 12 பல்லில் 167. தாங்க வேண்டிய பற்களும் குறைவு. 200 மில்லிமீட்டர் இடைவெளியில் 12 பல் புல்லியைப் பெல்ட் கவ்வுவது முழுதாக 5 பல்தான். குறைந்தது 6 பல் கவ்வ வேண்டும் என்பது பழகிய விதி. அதற்குக் கீழே ஒவ்வொரு பல் குறையும்போதும் பெல்ட்டின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். சுமை ஏறும்போது 'டக் டக்' என்று பல் தாண்டும் சத்தம் கேட்டால், இழுவை தளர்ந்திருக்கிறதா, கவ்வும் பல் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். 20-60 ஜோடியில் சுமார் 9 பல் கவ்வுகிறது. நான் இதையே எடுப்பேன்.

அடுத்தது பெல்ட்டின் நீளம். சூத்திரம் இது:

```
L = 2C + p(z1+z2)/2 + (p(z2-z1))² / (4π²C)
```

L பெல்ட்டின் நீளம், C மைய இடைவெளி, p பிட்ச், z1-உம் z2-உம் இரு புல்லிகளின் பற்கள். முதல் பகுதி நேராக ஓடும் இரண்டு பக்கங்கள். இரண்டாவது புல்லிகளைச் சுற்றும் நீளம். மூன்றாவது, இரண்டும் ஒரே அளவில் இல்லாததால் பெல்ட் சாய்வாக ஓடுவதற்கான சிறு திருத்தம். எண்களைப் போட்டால் 400, 200, 5.07. மொத்தம் 605.07 மில்லிமீட்டர். 5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 121 பல்.

121 பல் பெல்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம். 5எம் வகையில் எளிதில் கிடைப்பவை 600, 615 மில்லிமீட்டர், அதாவது 120 பல், 123 பல். பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. எனவே கணக்கைத் திருப்பிப் போட்டு, பெல்ட்டுக்கு ஏற்ற இடைவெளியைக் கண்டுபிடிக்க வேண்டும். 120 பல்லுக்கு இடைவெளி 197.4 மில்லிமீட்டர்; 123 பல்லுக்கு 205.0. பெல்ட்டில் ஒரு பல் கூடினால் மோட்டார் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டில் எது? 200-க்கு நெருக்கம் 120. இடம் இருந்தால் என் ஓட்டு 123-க்கு. 120 என்பது 20-ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் பெல்ட்டின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் மோட்டார் புல்லியின் அதே பள்ளத்தில்தான் வந்து உட்காரும். ஒரு பள்ளத்தில் பிசிறு இருந்தால் அதே ஆறு பற்களே திரும்பத் திரும்பத் தேயும். 123-க்கும் 20-க்கும் பொதுக் காரணி இல்லாததால் அந்தத் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும்.

இடைவெளி 200-லேயே பூட்டப்பட்டிருந்தால் 123 பல் பெல்ட்டை வாங்கி, தளர்ந்த பக்கத்தில் ஒரு ஐட்லர் வைக்க வேண்டியதுதான். மோட்டாரை நகர்த்த முடிந்தால் அதன் தாங்கியில் நீள் துளைகள் போதும். 205.0 என்பது பெல்ட் நீட்டாக அமரும் இடம். துளை அதிலிருந்து வெளிப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் இழுவையைச் சரிசெய்யலாம். உள்பக்கம் அதைவிட அதிகம் விட வேண்டும். இல்லாவிட்டால் புல்லியின் பக்கத் தட்டுகளைத் தாண்டிப் பெல்ட்டை மாட்ட முடியாமல், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்ளே இருக்கும் இழைகளை உடைத்துவிடுவார்கள்.