தள்ளிவைக்கப்பட்ட தேர்வும் அறிவிப்பின் மொழியும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் ஏலமலைத் தோட்ட வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய குடும்பத்து மாணவி ஒருவர் 2020ஆம் ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார் எனக் கொள்ளலாம். அவர் தேர்வெழுத வேண்டிய நகரம் மதுரை. தேர்வு நாளோ இருமுறை மாறியது. மே 3 என முதலில் குறிக்கப்பட்ட தேர்வு, கொரோனா பெருந்தொற்றால் சூலை 26க்கும், பின்னர் செப்டம்பர் 13க்கும் தள்ளிவைக்கப்பட்டது.

தேர்வைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு மூன்று செய்திகளை ஐயமின்றிக் கூற வேண்டும். மாறியது எது, மாறாதது எது, புதிதாகச் சேர்ந்தது எது என்பனவே அவை. தேசியத் தேர்வு முகமை வெளியிட்ட அறிவுரைகளைக் கொண்டு இதனைத் தெளிவாக அறியலாம்.

மாறியதும் மாறாததும்

நாள் மாறியது, தேர்வு நேரம் மாறவில்லை. பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை என்பது அவ்வாறே நீடித்தது. எளிய உடை, உயரம் குறைந்த காலணி, தேர்வு முடியும்வரை அறையைவிட்டு வெளியேறாமை ஆகிய பழைய விதிகளும் தொடர்ந்தன. புதிய விதிகள் வந்தமையால் பழையவை நீங்கிவிட்டன என்று கருதுவது தேர்வர்கள் செய்யக்கூடிய பிழையாகும். நீக்கப்பட்டதாகச் சொல்லப்படாத விதி நடைமுறையில் உள்ள விதியே.

புதிய விதிகளும் காரணங்களும்

ஓர் அறையில் 24 பேர் என்றிருந்தது 12 பேராகக் குறைக்கப்பட்டது. தேர்வு மையங்கள் 2,546இலிருந்து 3,843ஆக உயர்ந்தன. அறைக்குரியோர் பாதியானால் மையங்கள் இருமடங்காக வேண்டாவா என்ற வினா எழலாம். ஏறத்தாழ 15.97 இலட்சம் பேரை 2,546 மையங்களுக்குப் பகிர்ந்தால் மையத்திற்குச் சராசரியாக 627 பேர் வருவர். 24 பேர் வீதம் 27 அறைகள் தேவை. 3,843 மையங்களுக்குப் பகிர்ந்தால் 416 பேர் வருவர். 12 பேர் வீதம் 35 அறைகள் தேவை. மையங்களும் மிகுந்தன, ஒவ்வொரு மையத்திலும் பயன்படும் அறைகளும் மிகுந்தன. ஆகவே இருமடங்கு மையங்கள் தேவைப்படவில்லை.

நுழைவாயிலில் கூட்டம் சேராதிருக்க, தேர்வர்க்கு வெவ்வேறு வருகை நேரம் ஒதுக்கப்பட்டு நுழைவுச்சீட்டில் அச்சிடப்பட்டது. ராசிங்காபுரத்து மாணவிக்கு முற்பகல் 11.30 மணி ஒதுக்கப்பட்டதாகக் கொண்டால், அவர் கையிலுள்ள சீட்டில் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று 11.30, மற்றொன்று வாயில் மூடப்படும் 1.30. முன்னது கூட்டத்தைப் பிரிப்பதற்கான நேரம். பின்னது கடக்கவியலாத எல்லை. பின்னதை மட்டும் நோக்கிப் புறப்படுபவர் வழியில் ஏற்படும் சிறு தாமதத்திலேயே தேர்வை இழக்க நேரும்.

அம்மாணவிக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. போடி–மதுரை இருப்புப்பாதை அகலப்பாதையாக்கும் பணிக்காக அப்போது மூடப்பட்டிருந்தது. மாவட்டங்களுக்கு இடையிலான பேருந்துகளோ தேர்வுக்கு ஆறு நாள் முன்னர், செப்டம்பர் 7 அன்றுதான் மீண்டும் ஓடத் தொடங்கின. எனவே 11.30 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, விடியற்காலையிலேயே அவர் புறப்பட வேண்டும்.

ஒப்பமிடும் இடம்

உடல்நலம் குறித்த தன்னுறுதிமொழிப் படிவமும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஒளிப்படம் ஒட்டுவதும் இடக்கைப் பெருவிரல் பதிவும் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை. தேர்வர் கையொப்பத்தை மட்டும் அறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் இட வேண்டும். படிவத்தை முழுதும் நிரப்பிவிடும் ஆர்வத்தில் வீட்டிலேயே ஒப்பமிட்டால், ஒப்பமிட்டவர் இவரே என்பதற்குச் சான்று இல்லாமற்போகும். 'என்ன செய்ய வேண்டும்' என்பதோடு 'எங்கே, யார் முன்னிலையில்' என்பதையும் அறிவிப்பு கூறுவது இதனாற்றான். முகக்கவசம், 50 மில்லிலிட்டர் கைத்தூய்மி, உள்ளிருப்பது தெரியும் தண்ணீர்க்குப்பி ஆகியன உடன் கொண்டுவர இசைவளிக்கப்பட்டன. மையத்தில் புதிய முகக்கவசமும் வழங்கப்பட்டது.

விலக்கின் எல்லை

தொற்றுக்கு உள்ளானமையாலும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தமையாலும் செப்டம்பர் 13 அன்று எழுத இயலாதவர்களுக்கு, உச்ச நீதிமன்றத்தின் இசைவுடன் அக்டோபர் 14 அன்று மீண்டும் தேர்வு நடைபெற்றது. முடிவுகள் அக்டோபர் 16 அன்று வெளிவந்தன. இவ்விலக்கு அவ்விரு காரணங்களுக்கே உரியது. பேருந்தைத் தவறவிட்டவருக்கோ நேரத்தைத் தவறாகப் படித்தவருக்கோ அதில் இடமில்லை. ராசிங்காபுரத்து மாணவி 11.30, 1.30 என்னும் இரு நேரங்களையும் பிரித்தறிந்து படிப்பது, ஓராண்டு உழைப்பைக் காப்பதற்கு ஒப்பாகும்.