சுவாஹிலியில் ‘சாப்பிடவில்லை’ நான்கு விதம்

தார் எஸ் சலாமிலோ மொம்பாசாவிலோ மதிய நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், ‘உ-மே-கு-லா?’ என்று கேட்பார்கள். ‘சாப்பிட்டாச்சா?’ என்று அர்த்தம். ‘ஸி-ஜா-லா’ என்றால் தட்டு வந்துவிடும். ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக ‘ஸி-கு-லா’ என்றால், கேட்டவர் ஒரு நொடி விழிப்பார். அதற்கும் ‘நான் சாப்பிடவில்லை’ என்றுதான் பொருள். ஆனால் அது நேற்றோ காலையிலோ நடந்து முடிந்துபோன ஒரு வேளையைப் பற்றிய பேச்சு. ‘ஸி-லி’ என்றாலோ ‘நான் சாப்பிடுவதில்லை’ என்றாகிவிடும். இறைச்சி வைக்கும்போது சைவக்காரர் சொல்ல வேண்டிய சொல் அது. நான்காவதாக ‘ஸி-தா-கு-லா’ என்று ஒன்று உண்டு: சாப்பிட மாட்டேன்.

நம் ‘சாப்பிடவில்லை’ நேற்றைக்கும் இன்றைக்கும், எனக்கும் உனக்கும் அவர்களுக்கும் ஒரே உருவில் பொருந்தும். சுவாஹிலியில் அந்தச் சௌகரியம் கிடையாது. யார், எப்போது என்ற இரண்டையும் வினைச்சொல்லுக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். அதற்கு அந்த மொழி வைத்திருக்கும் இடம் வினைச்சொல்லின் நடுப்பகுதி.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ‘படித்தேன்’ என்பதில் ‘படி’ பகுதி, கடைசியில் வரும் ‘ஏன்’ விகுதி, காலம் காட்டும் ‘த்’ நடுவில் நிற்கும் இடைநிலை. சுவாஹிலியிலும் காலம் காட்டுவது நடுவில்தான் நிற்கிறது. இரண்டு முனைகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. ஆள் முதலில், வினையடி கடைசியில். ‘நி-லி-ஸோமா’: நான், இறந்தகாலம், படி. ‘நி’ என்பதை ‘அ’ ஆக்கினால் அவர் படித்தார், ‘து’ ஆக்கினால் நாங்கள் படித்தோம். நடுவில் ‘லி’யை எடுத்துவிட்டு ‘னா’ வைத்தால் படிக்கிறேன், ‘தா’ வைத்தால் படிப்பேன், ‘மே’ வைத்தால் படித்தாயிற்று. ஆள் மாறினாலும் காலக்குறி மாறாது, காலம் மாறினாலும் ஆள் மாறாது. படித்தேன், உண்டேன், பாடினேன் என்று வினைக்கு வினை இடைநிலையை மாற்றிக்கொண்டே போகும் நமக்கு இந்த ஒழுங்கு பொறாமையாகத்தான் இருக்கும். (சுவாஹிலியில் இவற்றைச் சேர்த்தே எழுதுவார்கள். கோடுகள் நம் வசதிக்காக நான் போட்டவை. கோட்டுக்குப் பின் வரும் க, த இரண்டையும் வல்லோசையாகவே படிக்க வேண்டும்.)

இவற்றில் ‘மே’ மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியது. ‘அ-மே-லாலா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அவர் படுத்துத் தூங்கிவிட்டார்’. ஆனால் வீட்டு வாசலில் அப்படிச் சொன்னால், ‘உள்ளே தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு செயல் நடந்து முடிந்து, அதன் விளைவு இந்த நிமிடம் வரை தொடர்ந்தால் ‘மே’ வரும். உட்கார்ந்திருக்கிறார், சட்டை போட்டிருக்கிறார், களைத்துப் போயிருக்கிறேன் என்று நாம் ‘இரு’ சேர்த்துச் சொல்லும் இடங்களில் எல்லாம் அவர்களுக்கு ‘மே’ போதும். ‘லி’யில் இந்தத் தொடர்ச்சி கிடையாது. ‘அ-லி-லாலா’ என்றால் தூங்கினார், அவ்வளவுதான். இப்போது என்ன செய்கிறார் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

இனி எதிர்மறை. முதலில் ஆளைக் குறிக்கும் முன்னொட்டு மாறும். பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு ‘ஹ’ ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ‘நாங்கள்’ என்ற ‘து’ ‘ஹது’ ஆகும், ‘அவர்கள்’ என்ற ‘வா’ ‘ஹவா’ ஆகும். ‘நீ’ என்ற ‘உ’ ‘ஹ’வோடு கலந்து ‘ஹு’ ஆகும். ‘அவர்’ என்ற ‘அ’ கரைந்து வெறும் ‘ஹ’ மிஞ்சும். ‘நான்’ மட்டும் முரண்டு பிடிக்கும். ‘ஹநி’ என்று வர வேண்டியது ‘ஸி’ என்று வருகிறது. இந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தனிப் பாடம் வேண்டாம், அங்கே அன்றாட வணக்கத்திலேயே அது இருக்கிறது. ‘ஹு-ஜாம்போ?’ என்று கேட்பார்கள். ‘ஜாம்போ’ என்றால் சங்கதி, விவகாரம். ‘உனக்குக் குறை ஒன்றும் இல்லையே?’ என்ற கேள்வி அது. ‘ஸி-ஜாம்போ’ என்பது பதில்: ‘எனக்கு ஒன்றும் இல்லை, சௌக்கியம்’. பலரைக் கேட்டால் ‘ஹம்-ஜாம்போ?’, அவர்கள் சொல்லும் பதில் ‘ஹது-ஜாம்போ’. சுற்றுலாப் பயணிகள் எதிர்மறையைக் கழற்றிவிட்டு ‘ஜாம்போ’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உள்ளூர்க்காரர்களும் பெருந்தன்மையோடு அதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

முன்னொட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். எதிர்மறை வந்ததும் நடுவில் இருக்கும் காலக்குறியும் மாறும். எதிர்காலத்தின் ‘தா’ மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்: ‘நி-தா-ஸோமா’ படிப்பேன், ‘ஸி-தா-ஸோமா’ படிக்க மாட்டேன். இறந்தகாலத்தில் ‘லி’ போய் ‘கு’ வரும்: ‘ஸி-கு-ஸோமா’ படிக்கவில்லை. ‘மே’ போய் ‘ஜா’ வரும்: ‘ஸி-ஜா-ஸோமா’ இன்னும் படிக்கவில்லை. நிகழ்காலத்தில் நடக்கும் மாற்றம் எல்லாவற்றையும் விட விசித்திரம். ‘னா’ போகும், அதற்குப் பதிலாக எதுவுமே வராது. நடு இடம் காலியாகிவிடும். ஆனால் வினையின் கடைசி ‘ஆ’ ‘இ’யாகத் திரிந்து, இது எதிர்மறை என்று காட்டிக்கொடுக்கும்: ‘ஸி-ஸோமி’. படித்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கும் படிப்பதில்லை என்பதற்கும் இந்த ஒன்றுதான். காலக்குறியே இல்லாமல் எதிர்மறை சொல்வது தமிழுக்கும் பழக்கமானது. ‘செய்யேன்’, ‘அறியேன்’ என்று பழைய நடையில் வரும்போது அவற்றிலும் காலம் காட்டும் உறுப்பு இருப்பதில்லை.

‘ஜா’வின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பேருந்து நிலையம் போதும். பேருந்துக்கு அங்கே ‘பாஸி’ என்று பெயர். சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் எல்லாம் வகுப்புகளாகப் பிரிந்திருக்கும். பேருந்து எந்த வகுப்போ, அதற்குரிய முன்னொட்டு வினையில் வரும். பாஸியின் முன்னொட்டு ‘லி’. ‘பாஸி ஹ-லி-ஜா-ஃபிக்கா’ என்று டிக்கெட் கொடுப்பவர் சொன்னால், இன்னும் வந்து சேரவில்லை, வரும், காத்திருக்கலாம். ‘பாஸி ஹ-லி-கு-ஃபிக்கா’ என்றால் வரவில்லை, அந்தக் கதை முடிந்தது, வேறு வண்டி பார்க்க வேண்டியதுதான். இரண்டுக்கும் இடையில் மாறியது ஓர் எழுத்து. நாம் ‘இன்னும்’ என்று தனியாகச் சொல்லிக் காட்டுவதை அந்த ‘ஜா’ தனக்குள் வைத்திருக்கிறது. ‘இன்னும்’ என்பதற்கு அங்கேயும் ‘பாதோ’ என்று தனிச்சொல் இருக்கிறது. அழுத்தம் வேண்டும்போது அதையும் சேர்த்துக்கொள்வார்கள். முழு வாக்கியம் சொல்லச் சோம்பலாக இருந்தால் ‘பாதோ’ என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகிவிடும்.

திருமணம் ஆகாத ஆணிடம் ‘உ-மே-ஓஆ?’ (கல்யாணம் ஆயிற்றா?) என்று கேட்டால் ‘ஸி-ஜா-ஓஆ’ என்பதுதான் வழக்கமான பதில். ‘ஸி-கு-ஓஆ’ என்று சொன்னால், ஏதோ ஒரு காலத்தில் நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிய பேச்சு போல ஒலிக்கும்.

மேலே வந்த பேருந்தின் ‘லி’யைக் கவனித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இறந்தகாலக் குறியும் ‘லி’தானே? ஆமாம். ‘பாஸி லி-லி-ஃபிக்கா’ என்றால் பேருந்து வந்து சேர்ந்தது. முதல் ‘லி’ பேருந்து, இரண்டாவது ‘லி’ இறந்தகாலம். ஒலியில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை, நிற்கும் இடம்தான் பொருளைச் சொல்கிறது. இதே போல ‘ஸி-கு-கு-ஓனா’ என்று ஒன்று வரும். ‘ஓனா’ என்றால் பார். முதல் ‘கு’ எதிர்மறை இறந்தகாலம். இரண்டாவது ‘கு’ ‘உன்னை’. செயப்படுபொருளைக் குறிக்கும் ஒட்டு காலக்குறிக்கும் வினையடிக்கும் நடுவில்தான் உட்காரும். ஆக, உன்னைப் பார்க்கவில்லை. வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் பிரித்தால் குழப்பம் வராது. ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு ‘கு’விலும் விழ வேண்டியதுதான்.

மூன்றாவதாக இன்னொரு ‘கு’வும் இருக்கிறது. சாப்பிடு என்பதன் வினையடி வெறும் ‘லா’, ஓரசை. சுவாஹிலியில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். னா, லி, தா, மே ஆகிய நான்கும் அந்த அழுத்தத்தைத் தாங்காதவை. அதனால் ‘நி-லி-லா’ என்று சொல்ல முடியாமல், ‘சாப்பிட’ என்ற எச்ச வடிவத்தில் இருக்கும் ‘கு’வைக் கூடவே அழைத்து வந்து ‘நி-லி-கு-லா’ என்கிறார்கள். ‘ஜா’வுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலு உண்டு, அதனால் ‘ஸி-ஜா-லா’ போதும். எதிர்மறைக் ‘கு’வுக்கும் அப்படியே. ஆக ‘ஸி-தா-கு-லா’வில் இருக்கும் ‘கு’ துணைக்கு வந்தது, ‘ஸி-கு-லா’வில் இருக்கும் ‘கு’ காலம் காட்டுவது. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்து ‘ஸி-கு-கு-லா’ என்று எழுதிவைப்பதும் உண்டு. இலக்கணத்தின்படி அதற்கு ‘உன்னைச் சாப்பிடவில்லை’ என்று பொருள் எடுக்கலாம்!

கடைசியாக ஒன்று, சுவாஹிலியின் ஒழுங்கே கொஞ்சம் கைவிடும் இடம். வழக்கமாக நடப்பதைச் சொல்ல ‘ஹு’ என்று ஒரு குறி உண்டு. அதற்கு முன்னால் ஆளைக் குறிக்கும் ஒட்டே வராது. ‘ஹு-ஸோமா’ என்றால் நானோ அவரோ யாரோ வழக்கமாகப் படிப்பதுண்டு. இது ‘நீ இல்லை’ என்ற ‘ஹு’ போலவே ஒலிக்கும். ஆனாலும் ‘நீ படிப்பதில்லை’ என்பது ‘ஹு-ஸோமி’. கடைசி உயிர் மாறுவதால் தப்பித்துவிடலாம். அரபியிலிருந்து வந்த வினைகளில் இந்தக் காவல் இல்லை. அவை ‘ஆ’வில் முடிவதில்லை, அதனால் எதிர்மறையிலும் திரிவதில்லை. மன்னிப்பதைக் குறிக்கும் ‘ஸமேஹே’ அப்படிப்பட்டது. ‘முங்கு ஹு-ஸமேஹே’ என்றால் கடவுள் மன்னிப்பார், அது அவர் இயல்பு. அதே ‘ஹு-ஸமேஹே’யை எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொன்னால் ‘நீ மன்னிப்பதில்லை’ என்றும் ஆகும். எழுத்தில் இரண்டும் ஒன்றே, உச்சரிப்பிலும் ஒன்றே. முன்னால் இருப்பது கடவுளா நீயா என்பதைப் பார்த்துத்தான் அது பாராட்டா குற்றச்சாட்டா என்று முடிவு செய்ய வேண்டும்.