மண்டிக்காரர் தரும் ‘வட்டியில்லாக் கடன்’

ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட ஐந்நூறு கிலோ அளவுக்கு விதைக்காய் வேண்டும். உழவு, நடவுக் கூலி, அடியுரம் எல்லாம் அதற்கு மேலே. பெரும்பகுதிப் பணம் முதல் சில நாட்களிலேயே போய்விடும். வரவு வர இரண்டரை மாதம் ஆகும். அந்த நேரத்தில் சிட்டா, அடங்கல், ஜாமீன் எதுவும் கேட்காமல் ஐம்பதாயிரத்தை எண்ணிக் கையில் கொடுப்பவர் காய்கறி மண்டியின் கமிஷன் கடைக்காரர். பல கடைகளில் வட்டியும் கேட்பதில்லை. ஒரே ஒரு பேச்சுதான்: “காய் நம்ம கடைக்குத்தான் வரணும்ணே.”

தமிழ்நாட்டுக் காய்கறி மண்டிகளில் காலங்காலமாக நடக்கும் ஏற்பாடு இது. விவசாயிகளில் பலர் இதை உதவியாகவே நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. குத்தகைக்கு உழுபவர் பெயரில் சிட்டா இருக்காது. கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம். அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பது மண்டி மட்டும்தான். மழையில் பயிர் அழுகிப்போனால், “அடுத்த வெள்ளாமையில பார்த்துக்கலாம்” என்று சொல்லவும் மண்டிக்காரரால் முடியும்.

வட்டி வாங்காதவருக்கு என்ன லாபம்? விற்பனை முடிந்ததும் தரும் சீட்டைப் பார்க்க வேண்டும். மேலே மூட்டை எண்ணிக்கை, எடை, விலை. கீழே கமிஷன், இறக்குக்கூலி, லாரி வாடகை, கடைசியில் முன்பணப் பிடித்தம். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்காதவரிடமும் அதைப் பிடிக்கத்தான் செய்வார்கள். ஆகவே கடனுக்கான கூலி கமிஷன் வரியில் இல்லை; எடையிலும் விலையிலும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐயாயிரம் கிலோ, 50 கிலோ வீதம் நூறு மூட்டை. அன்று மண்டியில் அதே தரத்துக்குக் கிலோ 30 ரூபாய் போகிறது. கடன்படாதவர் விற்றால் ஒன்றரை லட்சம். கமிஷன் போகக் கைக்கு 1,35,000. கடன் வாங்கியவருக்கு “காய் கொஞ்சம் ஈரமா இருக்கு” என்று 28 ரூபாய் போடுகிறார்கள். மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு. ஆக 4,900 கிலோ, 28 ரூபாய், 1,37,200. கமிஷன் போக 1,23,480.

வித்தியாசம் 11,520 ரூபாய். ஐம்பதாயிரத்துக்கு மூன்று மாதத்தில் இவ்வளவு போனால் அது ஏழரை வட்டிக்கும் மேல். இதே தொகை 7 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 875 ரூபாய்தான். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் அந்த 875-உம் கிடையாது.

எல்லாக் கடையிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நேராக விலை போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு ரூபாய் குறைந்தால் சரக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும் உரிமை விவசாயிக்கு இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். விலை எவ்வளவு நியாயமாக இருக்கும் என்பது கடைக்காரரின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது.

விலை ஏறும்போது இந்தக் கட்டு இன்னும் உறுத்தும். வெளியூர் வியாபாரி தோட்டத்துக்கே வந்து கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்பார். அப்போது சிலர் மச்சான் பெயரில் சீட்டுப் போட்டு வேறு கடைக்குப் பாதிச் சரக்கை அனுப்புவார்கள். மண்டிக்குள் செய்தி பரவ அரை நாள் போதும். கடைக்காரருக்கும் இது நிஜமான நஷ்டம்தான். அவரும் பல நேரம் வெளியில் வட்டிக்கு வாங்கித்தான் முன்பணம் கொடுக்கிறார்.

விலை சரிந்தால் வேறு விதமான சிக்கல். கிலோ பத்து ரூபாய்க்கு விழுந்தால் விற்ற பணம் பறிப்புக் கூலிக்கும் வாடகைக்குமே சரியாகிவிடும். முன்பணத்தில் முப்பதாயிரம் பாக்கி நிற்கும். அதற்கு மேல் அடுத்த நடவுக்குப் புதிதாக நாற்பதாயிரம். இப்படிப் பாக்கி நிற்கும்வரை கடை மாற முடியாது.

அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் கிடையாது. விளைபொருளை அங்கே இருப்பு வைத்து அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் வாங்கும் திட்டமும் உண்டு. நெல், மஞ்சள், பருத்தி, நிலக்கடலைக்கு அது உதவும். தக்காளியையும் கத்தரிக்காயையும் இருப்பு வைக்க முடியாது. மண்டியின் பிடி காய்கறியில் இறுகியிருப்பதற்கு அது முக்கியக் காரணம்.

உங்கள் சரக்கு விற்ற அன்றே, பக்கத்து இரண்டு கடைகளில் அதே தரத்துக்கு என்ன விலை போனது என்று விசாரித்துச் சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள். ஒரு வெள்ளாமை முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை சங்கத்து வட்டியைத் தாண்டினால், அடுத்த நடவுக்கு முன்பணத்தில் பாதியையாவது சங்கத்தில் வாங்க முயலுங்கள். மண்டியிலேயே வாங்குவதென்றால், அன்றைய மண்டி விலையே உங்களுக்கும் என்பதையும், மூட்டைக்கு எவ்வளவு கழிவு என்பதையும் பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.